‘இறுதியானது’ என்று சட்டம் சொன்னால் இறுதிதானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாவட்ட நீதிமன்றங்களில் சிவில் வழக்கு நடத்துகிறவன் நான். பட்டா, வங்கி ஏலம், வரி என்று யார் எதற்கு வந்தாலும் ஒரு கட்டத்தில் கையிலிருக்கும் உத்தரவின் கடைசி வரியைக் காட்டி ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் போட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

“இந்த உத்தரவே இறுதியானது, எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது”ன்னு போட்டிருக்கே சார், அவ்வளவுதானா?

பெரும்பாலும் இல்லை. அந்த ஒரு வரியில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, முதலில் அவற்றைப் பிரித்துப் பாருங்கள். ‘இறுதியானது’ என்பது அந்தச் சட்டத்துக்குள்ளே இதற்கு மேல் படி இல்லை என்கிறது. அதாவது தாசில்தாருக்கு மேல் கோட்டாட்சியர், அவருக்கு மேல் டி.ஆர்.ஓ. என்று போகிற ஏணி இங்கே முடிகிறது. ‘எந்த நீதிமன்றத்திலும் கேள்வி எழுப்பக் கூடாது’ என்பது வேறு. அது ஏணிக்கு வெளியே இருக்கிற சிவில் கோர்ட்டைப் பார்த்துச் சொல்வது.

சில சட்டங்களில் முதலாவது மட்டும் இருக்கும், சிலவற்றில் இரண்டும் இருக்கும். இரண்டும் இருந்தாலும் நீதிமன்றம் அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எந்த விஷயத்தைத் தீர்மானிக்க அந்த அதிகாரிக்கு வேலை கொடுத்தார்கள், அவர் அந்த வேலையைத்தான் செய்தாரா என்று இரண்டு கேள்வி கேட்கும். கீழே இருக்கிற எல்லாப் பதில்களும் இந்த இரண்டையும் சுற்றித்தான்.

சிவில் கோர்ட்டுக்கு எல்லா வழக்கும் போகலாம்னுதானே சொல்றாங்க? அப்புறம் ஒரு சட்டம் எப்படித் தடுக்க முடியும்?

உரிமையியல் நடைமுறைச் சட்டம் 9-ஆம் பிரிவே இதற்கு இடம் விட்டிருக்கிறது. சிவில் தன்மையுள்ள எல்லா வழக்கையும் கோர்ட் விசாரிக்கும், வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தடுக்கப்பட்டவை நீங்கலாக என்றுதான் அது சொல்கிறது. ஆகவே சிவில் கோர்ட்டின் அதிகாரத்தை ஒரு சாதாரணச் சட்டம் குறைக்கலாம். உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் அப்படியல்ல, அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஆனால் தடை இருக்கிறது என்று சொல்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் கோர்ட் திறந்தே இருக்கிறது என்றுதான் படிப்பார்கள்.

ஆபீசர் தப்பா முடிவு பண்ணியிருக்கார். தப்பான முடிவு எப்படி சார் இறுதியாகும்?

ஆகும். அதிகம் பேர் சறுக்குகிற இடம் இதுதான். 1940-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த ஒரு சென்னை மாகாண வழக்கு இருக்கிறது, மாஸ்க் கம்பெனி வழக்கு என்பார்கள். பாக்கு இறக்குமதி செய்த வியாபாரிகளுக்கும் சுங்க அதிகாரிகளுக்கும் எந்த வகையில் தீர்வை போடுவது என்று தகராறு. வியாபாரிகள் சுங்கச் சட்டப்படி மேல்முறையீடு செய்து தோற்றார்கள், அப்புறம் அதிகமாகக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு சிவில் வழக்குப் போட்டார்கள். மேல்முறையீட்டு உத்தரவு இறுதியானது என்று கடல் சுங்கச் சட்டம் 188-ஆம் பிரிவில் இருந்தது. அரசாங்கத்திடம் சீராய்வு கேட்பது மட்டும்தான் பாக்கி.

வழக்கு செல்லும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். பிரிவி கவுன்சில் அதை மாற்றி, செல்லாது என்றது. சரக்கு எந்த வகை, எவ்வளவு தீர்வை என்று பார்ப்பதுதான் சுங்க அதிகாரியின் வேலை. அந்த வேலையைச் செய்யும்போது அவர் தப்பாக முடிவெடுத்தாலும் அது அவர் எடுக்கவேண்டிய முடிவுதான். அதைத் திருத்த மேல்முறையீடு, சீராய்வு என்று வழி வைத்திருக்கிறார்கள், அதோடு முடிந்தது.

இதே தீர்ப்பில்தான் எல்லா வக்கீல்களும் மனப்பாடமாகச் சொல்கிற வாசகமும் வருகிறது. சிவில் கோர்ட்டின் அதிகாரம் விலக்கப்பட்டதாக லேசில் ஊகிக்கக் கூடாது, விலக்கப்பட்டிருந்தாலும் சட்டத்தின் விதிகள் பின்பற்றப்படவில்லை என்றாலோ நீதி விசாரணையின் அடிப்படை நெறிகளின்படி அதிகாரி நடக்கவில்லை என்றாலோ கோர்ட் பார்க்கலாம் என்ற கருத்து. மக்களுக்கு ஆதரவாக எல்லோரும் எடுத்துக்காட்டுகிற அந்த வாசகம் எழுதப்பட்ட வழக்கில் வியாபாரி தோற்றுப்போனார். அதை மறந்துவிட்டு வாசகத்தை மட்டும் படித்தால் நம் வழக்கும் அப்படியே போகும்.

அப்போ எந்தத் தப்புக்குத்தான் கோர்ட் உள்ளே வரும்?

அந்த அதிகாரியால் தீர்மானிக்கவே முடியாத விஷயமாக இருந்தால் வரும். இதற்கும் நம்மூர் உதாரணமே இருக்கிறது, 1966-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கே.எஸ். வெங்கட்ராமன் கம்பெனி வழக்கு. கட்டட ஒப்பந்ததாரர்களிடம் சென்னை பொது விற்பனை வரிச் சட்டத்தில் வரி வாங்கினார்கள். கட்டிக் கொடுக்கிற ஒப்பந்தத்தில் போகிற செங்கல், சிமெண்டை ‘விற்பனை’ என்று வரி போட மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை என்று 1958-இல் கேனன் டங்கர்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. கட்டிய வரியைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டபோது, வரி விதிப்பை எதிர்த்து வழக்கே கூடாது என்ற 18-ஏ பிரிவை அரசு காட்டியது.

வழக்கு செல்லும் என்றார்கள். காரணம் எளிமையானது: வரி அதிகாரி அந்தச் சட்டத்தின் பிள்ளை. என்னைப் பெற்ற சட்டமே செல்லாது என்று அவரால் சொல்ல முடியாது. அவர் முன்னால் எழுப்பவே முடியாத கேள்விக்கு அவருடைய பதிலை இறுதி என்பதில் அர்த்தமில்லை. பாக்கு வியாபாரிக்கும் கட்டட ஒப்பந்ததாரருக்கும் வித்தியாசம் இவ்வளவுதான். ஒருவர் ‘கணக்கு தப்பு’ என்றார், மற்றவர் ‘கணக்குப் போடவே உனக்கு உரிமை இல்லை’ என்றார்.

இரண்டு ஆண்டு கழித்து, 1968-இல், உஜ்ஜைன் புகையிலை வியாபாரிகளின் துலாபாய் வழக்கில் தலைமை நீதிபதி இதாயத்துல்லா இதையெல்லாம் ஏழு விதிகளாகத் தொகுத்துக் கொடுத்தார். இன்றைக்கும் சிவில் கோர்ட் தடை பற்றி யார் வாதாடினாலும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

சட்டத்துல கோர்ட்டைத் தடுத்து ஒரு வரியும் இல்லை. ஆனாலும் தடைன்னு எதிர்த் தரப்பு சொல்றாங்க, எப்படி?

அதுதான் உட்கிடையான தடை. துலாபாய் சொல்கிற சோதனை இது: சிவில் கோர்ட் கொடுக்கக்கூடிய பரிகாரத்தை அந்தச் சட்டமே போதுமான அளவு கொடுக்கிறதா? ஒரு புது உரிமையை அல்லது கடமையை உருவாக்கி, தகராறு வந்தால் இன்னாரிடம் போ, மேல்முறையீடு இன்னாரிடம் என்று முழு ஏற்பாட்டையும் வைத்திருந்தால், தடை என்று எழுதாவிட்டாலும் தடை இருக்கலாம். வெளிப்படையாகத் தடை எழுதியிருந்தால் பரிகாரம் போதுமா என்ற கேள்விக்கு அவ்வளவு எடை கிடையாது.

நிலத்தின் மீதான சொத்துரிமை எந்தப் புதுச் சட்டமும் கொடுத்ததல்ல, முன்பே இருப்பது. அதனால்தான் நில வழக்குகளில் தடை வாதம் அடிக்கடி தோற்கிறது.

எங்க நிலத்துப் பட்டாவை தாசில்தார் பங்காளி பேருக்கு மாத்திட்டார். பட்டா சட்டத்துல சிவில் கோர்ட்டுக்குத் தடை இருக்குன்னு சொல்றாங்க. நான் எங்கே போறது?

தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டம், 1983, பிரிவு 14. அதை நிதானமாகப் படியுங்கள். பாஸ் புத்தகத்தில் ஒரு பதிவைச் செய்யவோ நீக்கவோ திருத்தவோ கோரி அரசின் மீதோ அரசு அலுவலர் மீதோ வழக்குத் தொடர முடியாது என்பது முதல் பாதி. எல்லோரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதன் கீழே ஒரு வரம்புரை இருக்கிறது: தன் அனுபவத்தில் உள்ள உரிமை ஒன்று அந்தப் பதிவால் பாதிக்கப்பட்டதாகக் கருதுகிறவர், அந்த உரிமையை மறுக்கிறவர் மீது குறித்தவகைத் தீர்வுச் சட்டப்படி விளம்புகை கேட்டு வழக்குப் போடலாம், அந்தத் தீர்ப்புக்கு ஏற்ப பதிவைத் திருத்த வேண்டும்.

அதாவது தடை பதிவுக்கு, உரிமைக்கு அல்ல. யார் பெயரை எழுதுவது என்பது தாசில்தார் வேலை. அதில் குறை என்றால் 12-ஆம் பிரிவில் மேல்முறையீடு, 13-இல் சீராய்வு. நிலம் யாருடையது என்பது சிவில் கோர்ட் வேலை. பத்திரத்தையும் தாய்ப் பத்திரத்தையும் பார்த்து, சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்து முடிவு சொல்வதற்குத் தாசில்தாருக்கு வழியும் இல்லை, அதற்காக அவரை வைக்கவும் இல்லை.

இதைத் தெரியாமல் இரண்டு மூன்று வருஷம் வருவாய்த் துறை படிகளையே ஏறி இறங்கினவர்கள் உண்டு. பங்காளி காட்டுகிற பாகப்பிரிவினைப் பத்திரம் பொய் என்பது உங்கள் வாதமென்றால், கோட்டாட்சியர் எவ்வளவு நல்லவரானாலும் அவரால் அதைத் தீர்க்க முடியாது. ‘சிவில் நீதிமன்றத்தில் பரிகாரம் தேடிக்கொள்ளவும்’ என்று ஒரு வரி எழுதி அனுப்புவார், அதுவும் சரியான உத்தரவுதான்.

நானும் அதைத்தான் கேட்டேன், ஆனா என் பிராதை தடைன்னு சொல்லி நிராகரிச்சுட்டாங்களே?

பிராதின் கடைசிப் பக்கத்தில் என்ன பரிகாரம் கேட்டிருந்தீர்கள் என்று எடுத்துப் பாருங்கள். நான் ஒருமுறை இளநிலை வக்கீலாக இருந்தபோது தயாரித்த பிராதில் ஒரே கோரிக்கைதான் இருந்தது: ‘தாசில்தாரின் இன்ன தேதியிட்ட உத்தரவு செல்லாது என விளம்பவும், என் பெயருக்குப் பட்டா வழங்க உத்தரவிடவும்.’ பிரதிவாதியாக தாசில்தார் மட்டும். எதிர்த் தரப்பு உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 7 விதி 11(டி)-யில் மனுப் போட்டார்கள். அந்த விதிப்படி பிராதில் எழுதியிருப்பதை மட்டும் படித்து, சட்டத் தடை தெரிந்தால் விசாரணைக்குப் போகாமலே தள்ளலாம். தள்ளினார்கள். குற்றம் என்னுடையதுதான், 14-ஆம் பிரிவின் முதல் பாதியைப் பார்த்து எழுதின மாதிரியே எழுதி வைத்திருந்தேன்.

அதையே இப்படி எழுதியிருக்க வேண்டும்: ‘சொத்து வாதிக்குப் பாத்தியப்பட்டது என விளம்பவும், வாதியின் அனுபவத்தில் பிரதிவாதி தலையிடாமல் உறுத்துக்கட்டளை பிறப்பிக்கவும்.’ முதல் பிரதிவாதி உரிமையை மறுக்கிற பங்காளி. அனுபவம் கையை விட்டுப் போயிருந்தால் சுவாதீனமும் சேர்த்துக் கேட்க வேண்டும், வெறும் விளம்புகை மட்டும் கேட்டால் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 34-ஆம் பிரிவு குறுக்கே வரும். அரசையும் கட்சிக்காரராகச் சேர்ப்பதென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவு அறிவிப்பு கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். தடைப் பிரிவு தொடுவது நீங்கள் கேட்கிற பரிகாரத்தை. அதனால் எழுதுவதற்கு முன்னால் பிரிவையும் கோரிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது.

ஜமீன் ஒழிப்புல செட்டில்மெண்ட் தாசில்தார் கொடுத்த பட்டா. அந்தச் சட்டத்துல “எந்த நீதிமன்றத்திலும் கேள்வி எழுப்பக் கூடாது”ன்னு இருக்கு, வரம்புரையும் இல்லை. இதுக்கு?

1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டம், பிரிவு 64-சி. மேலே சொன்ன பட்டா சட்டத்தைவிடக் கடுமையான வாசகம்தான். இறுதி என்றும் சொல்கிறது, கேள்வி எழுப்பக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் அதே பிரிவில் ‘இந்தச் சட்டத்தின் நோக்கங்களுக்காக’ என்ற சொற்களும் இருக்கின்றன. 1985-இல் தமிழ்நாடு அரசுக்கும் ராமலிங்க சாமிகள் மடத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சொற்களைத்தான் பிடித்துக்கொண்டது.

ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் நோக்கம் என்ன? எஸ்டேட்டை அரசு எடுத்துக்கொண்டு, ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்து, வரி வாங்க யார் பெயரில் பட்டா என்று தீர்மானிப்பது. அந்த அளவுக்குத்தான் செட்டில்மெண்ட் அதிகாரியின் முடிவு இறுதி. அவர் நடத்துவது சுருக்க விசாரணை. நிலத்தின் தன்மை என்ன, உரிமை யாருக்கு என்பதை வழியில் தொட்டுக்கொண்டு போனாலும், அதை எல்லாக் காலத்துக்கும் தீர்த்து வைக்க அவரை நியமிக்கவில்லை. ஆகவே உரிமை கேட்டு மடம் போட்ட வழக்கு செல்லும் என்றார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு எல்லா இனாம் ஒழிப்புச் சட்டத்துக்கும் ஓடாதீர்கள். ஆந்திர இனாம் சட்டத்தில் 1991-இல் உச்ச நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. அங்கே சட்டம் வேறு, அது கொடுத்த விசாரணை ஏற்பாடும் வேறு. உங்கள் பட்டா எந்தச் சட்டத்தில் வந்தது என்று முதலில் பாருங்கள்.

வங்கி எங்க வீட்டை ஏலம் விடுது. சிவில் கோர்ட்ல ஸ்டே வாங்கலாமா?

கடன் வாங்கினவர் நீங்கள் என்றால், பெரும்பாலும் முடியாது. சர்ஃபேசி சட்டம் 34-ஆம் பிரிவு, கடன் வசூல் தீர்ப்பாயம் தீர்மானிக்கக்கூடிய எந்த விஷயத்திலும் சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை, தடையுத்தரவும் கூடாது என்கிறது. நீங்கள் போக வேண்டியது 17-ஆம் பிரிவில் தீர்ப்பாயத்துக்கு, 45 நாளுக்குள். 2004-இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் ஒரு சின்ன இடைவெளி விட்டார்கள்: வங்கியின் நடவடிக்கை மோசடி என்றாலோ, அதன் கோரிக்கை விசாரணையே தேவைப்படாத அளவுக்கு அபத்தம் என்றாலோ சிவில் கோர்ட் போகலாம். பழைய சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எடுத்துக்காட்டித்தான் அதைச் சொன்னார்கள். ஆனால் பிராதில் ‘மோசடி’ என்று ஒரு வார்த்தையைத் தூவிவிட்டால் போதாது. யார், எப்போது, எந்த ஆவணத்தில் என்று எழுதவில்லை என்றால் முதல் நாளே தெரிந்துவிடும்.

நீங்கள் கடன்காரர் இல்லை, உங்கள் பங்கையும் சேர்த்து அண்ணன் அடமானம் வைத்துவிட்டார் என்றால் கதை வேறு. பத்திரம் செல்லுமா, பங்கு யாருக்கு என்பதைத் தீர்ப்பாயம் தீர்மானிக்க முடியாது. மேலே வந்த இரண்டு கேள்வியில் முதலாவதே இங்கே விடை சொல்லிவிடுகிறது. 2025 ஜனவரியில் பிரபா ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கூடவே, கேட்ட பரிகாரங்களில் ஒன்று தடைக்கு வெளியே இருந்தாலும் பிராதை விதி 11-இல் நிராகரிக்க முடியாது என்றும் சொன்னது.

“எந்த நீதிமன்றத்திலும்”னா ஹைகோர்ட்டும் அடக்கமா?

இல்லை. உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பிலிருந்து வருவது. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ போடுகிற சாதாரணச் சட்டத்தால் அதில் கை வைக்க முடியாது. அரசியலமைப்பையே திருத்திக்கூட முடியாது என்று 1997-இல் எல். சந்திரகுமார் வழக்கில் ஏழு நீதிபதிகள் சொன்னார்கள். தீர்ப்பாயங்களை அமைக்கும்போது உயர் நீதிமன்றங்களை ஒதுக்கலாம் என்று 323ஏ, 323பி உறுப்புகளில் எழுதியிருந்ததை அந்த அளவுக்குச் செல்லாததாக்கினார்கள். தீர்ப்பாயம் இருக்கட்டும், முதலில் அங்கேதான் போக வேண்டும், ஆனால் அதன் முடிவை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு பார்க்கும்.

ஆனால் ‘பார்க்கும்’ என்பதை மேல்முறையீடு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அதிகாரி வரம்பு மீறினாரா, உங்களைக் கேட்காமல் முடிவெடுத்தாரா, பதிவேட்டைப் பார்த்த மாத்திரத்தில் தெரிகிற சட்டப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சாட்சியை மறுபடி எடைபோட மாட்டார்கள்.

ஹைகோர்ட்டுக்குத் தடையே இல்லைன்னீங்க. என் ரிட்டை “மாற்றுப் பரிகாரம் இருக்கு”ன்னு திருப்பி அனுப்பிட்டாங்களே?

அது தடை இல்லை, கோர்ட் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பழக்கம். தடை என்றால் அதிகாரமே கிடையாது. மாற்றுப் பரிகாரம் என்றால் அதிகாரம் இருக்கிறது, இப்போது பயன்படுத்த மாட்டேன் என்பது. அடிப்படை உரிமை மீறல், இயற்கை நீதி மீறல், அதிகாரமே இல்லாமல் போட்ட உத்தரவு, சட்டமே செல்லாது என்ற வாதம், இந்த நான்கில் ஒன்று இருந்தால் கோர்ட் அந்தப் பழக்கத்தைத் தளர்த்தும். உங்கள் மனுவின் முதல் இரண்டு பக்கத்துக்குள் அது தெரிய வேண்டும். பன்னிரண்டாவது பக்கத்தில் நோட்டீஸ் வரவில்லை என்று எழுதியிருந்தால் யார் கண்ணிலும் படாது.

சரி, அரசியலமைப்புச் சட்டமே கோர்ட்டைத் தடுத்தா?

அங்கே கோர்ட் கொஞ்சம் பணிந்துதான் படிக்கிறது. முதல் பொதுத் தேர்தலில் நாமக்கல் தொகுதியில் பொன்னுசாமி என்பவரின் வேட்பு மனுவைத் தேர்தல் அதிகாரி நிராகரித்தார். அவர் ரிட் போட்டார். தேர்தல் மனு வழியாக அன்றித் தேர்தலைக் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது 329(பி) உறுப்பு. வேட்பு மனு நிராகரிப்பு இன்னும் தேர்தலே இல்லையே என்பது அவர் வாதம். 1952-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அறிவிக்கையிலிருந்து முடிவு வரை எல்லாம் சேர்ந்துதான் தேர்தல், நடுவில் நிறுத்த முடியாது, முடிந்த பிறகு தேர்தல் மனு போடு என்றார்கள். உரிமை போகவில்லை, தள்ளிப்போடப்பட்டது. தேர்தல் தீர்ப்பாயத்தின் உத்தரவு இறுதி என்று சாதாரணச் சட்டம் சொன்னதை வைத்து, உச்ச நீதிமன்றம் சிறப்பு அனுமதி கொடுத்து மேல்முறையீடு கேட்க வழிசெய்கிற 136-ஆம் உறுப்பையும் மூடப் பார்த்தபோது, 1954-இல் அதே நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை.

கட்சித் தாவல் சட்டமும் இப்படித்தான். பத்தாவது அட்டவணையில் சபாநாயகர் முடிவு ‘இறுதியானது’ என்று 6-ஆம் பத்தியும், கோர்ட் தலையிடவே கூடாது என்று 7-ஆம் பத்தியும் இருந்தன. 1992-இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் 7-ஆம் பத்தி விழுந்தது. கோர்ட்டுகளின் அதிகாரத்தை மாற்றும் திருத்தத்துக்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும், அது வாங்கப்படவில்லை. 6-ஆம் பத்தி நின்றது, ஆனால் கெட்ட எண்ணம், இயற்கை நீதி மீறல், அரசியலமைப்பு ஆணையை மீறுதல், ஆதாரமே இல்லாத முடிவு ஆகியவற்றுக்குக் கோர்ட் பார்க்கலாம் என்றார்கள். 2017-இல் தமிழகத்தில் 18 சட்டமன்ற உறுப்பினர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டபோது அவர்கள் உயர் நீதிமன்றம் போக முடிந்தது இதனால்தான். இரு நீதிபதிகள் மாறுபட்டு, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் சபாநாயகர் முடிவை உறுதி செய்தார். கதவு திறந்தது, ஆனால் ஜெயிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்பதற்கு அந்த வழக்கைத்தான் அடிக்கடி சொல்வேன்.

காவிரியில மட்டும் எப்படி சுப்ரீம் கோர்ட் உள்ளே வந்துச்சு? ஆற்றுத் தகராறுல கோர்ட்டுக்கே இடமில்லைன்னு படிச்சேனே?

சரியாகத்தான் படித்தீர்கள். 262(2) உறுப்பு, மாநிலங்களுக்கிடையிலான ஆற்றுத் தகராறில் உச்ச நீதிமன்றம் உட்பட எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை என்று நாடாளுமன்றம் சட்டம் போடலாம் என்கிறது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு அப்படியே போட்டது. 2002-இல் 6(2) என்று ஒன்று சேர்த்து, தீர்ப்பாயத்தின் முடிவுக்கு உச்ச நீதிமன்ற ஆணைக்குள்ள வலு உண்டு என்றார்கள். நடுவர் மன்றம் 2007-இல் இறுதி உத்தரவு கொடுத்ததும் மாநிலங்கள் மேல்முறையீடு செய்தன. உச்ச நீதிமன்ற ஆணைக்குச் சமமானதை உச்ச நீதிமன்றத்திலேயே எப்படிக் கேட்பது என்றது மத்திய அரசு. கேள்வி கெட்டிக்காரத்தனமானதுதான்.

2016 டிசம்பர் 9 அன்று பதில் வந்தது. தகராறை நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் தொடங்கத்தான் தடை. நடுவர் மன்றம் விசாரித்து முடிவு சொன்ன பிறகு, 136-ஆம் உறுப்பில் அதை ஆராய்கிற அதிகாரம் போகவில்லை. 6(2)-இல் உள்ள ‘வலு உண்டு’ என்பது முடிவை நிறைவேற்றுவதற்காகச் சொன்னது, அது உத்தரவை உண்மையிலேயே உச்ச நீதிமன்றத்தின் உத்தரவாக்கிவிடாது. தொடங்குவதைத் தடுப்பது வேறு, முடிந்ததை ஆராய்வதைத் தடுப்பது வேறு என்ற இந்தப் பிரிப்பால்தான் 2018 பிப்ரவரி தீர்ப்பே சாத்தியமானது. அதில் பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டிய தண்ணீர் 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைந்தது என்பது இன்னொரு சங்கதி.

தப்பான இடத்துல ரெண்டு வருஷம் வழக்கு நடத்திட்டேன். அந்த நாளெல்லாம் போச்சா?

சிவில் கோர்ட்டில் நடத்தினீர்களா, வருவாய்த் துறையில் நடத்தினீர்களா என்பதைப் பொறுத்தது. அதிகாரம் இல்லாத கோர்ட்டில் நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் வழக்கு நடத்திய காலத்தைக் கழித்துக்கொள்ள காலவரையறைச் சட்டம் 14-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அது வழக்குக்கும் மனுவுக்கும் உள்ளது. அங்கிருந்து மேல்முறையீட்டுக்குப் போவதென்றால் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போட்டு, இந்தக் கதையைக் காரணமாகச் சொல்ல வேண்டும்.

மறுபக்கம்தான் ஆபத்து. தாசில்தார், கோட்டாட்சியர், டி.ஆர்.ஓ. என்று போய்விட்டு சிவில் கோர்ட்டுக்கு வருகிறவர்கள் அந்தக் காலம் தானாகக் கழிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். 14-ஆம் பிரிவு ‘நீதிமன்றம்’ என்கிறது, கோட்டாட்சியர் முன்னால் நடந்தது அதில் வருமா என்பதே தனி வாதமாகிவிடும். உரிமை மறுக்கப்பட்ட நாளிலிருந்து விளம்புகை வழக்குக்கு மூன்று வருஷம்தான். பட்டா மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தாலும் சரி, எதிரி உரிமையையே மறுக்கிறார் என்று தெரிந்த அன்றைக்கே காலண்டரில் ஒரு தேதியைக் குறித்து வையுங்கள், அந்தத் தேதிக்கு முன்னால் பிராது தாக்கலாகிவிட வேண்டும்.